பாண்டு வந்த தேதி என்ன, மாமா?

சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் மாமா ஒருவர், அறுவடைக் காசில் ஒரு லட்சத்தை எஃப்.டி. போடலாம் என்று நவம்பர் மூன்றாம் தேதி வங்கிக்குப் போனார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பதினாறு நாள் கழித்துத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே இருந்தது எஃப்.டி. ரசீது அல்ல, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி பாண்டு.

“எஃப்.டி. மாதிரிதான், வட்டி கூட வரும், இன்சூரன்சும் சேந்து கெடைக்கும்னு சொன்னாங்க மாப்ளே. வருசா வருசம் லட்ச ரூபா, பத்து வருசத்துக்குக் கட்டணுமாம். திருப்பூர்ல இருக்க மகன் போன்ல படிச்சுச் சொல்றான். ஒரு மழை அடிச்சுப் பழம் வெடிச்சுச்சுன்னா அந்த வருசம் மருந்துக் கடைக்கே பாக்கி நிக்கும். நான் எங்க போயி லட்ச ரூபா கட்டுறது?”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். அவருக்குக் காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பாலிசி வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பி வாங்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி 30 நாள்தான் திறந்திருக்கும்.

ஆயுள் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ புதிதாக எடுத்தவர், பாலிசி கைக்கு வந்ததும் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் ரத்து செய்துவிட்டுக் கட்டிய பணத்தைக் கேட்கலாம். இதை ‘ஃப்ரீ லுக்’ காலம் என்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2002-இல் கொண்டுவந்த விதிகளில் இது 15 நாளாக இருந்தது. பின்னர் மின்னணுப் பாலிசிகளுக்கும், தொலைபேசி போன்ற வழிகளில் நேரில் பாராமல் விற்றவற்றுக்கும் மட்டும் 30 நாளானது. 2024 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 30 நாள்தான். கம்பம் பக்கம் பழைய ஏஜெண்டுகள் சிலர் இன்றும் “பதினஞ்சு நாள் தாண்டிருச்சே அண்ணே” என்று கையை விரிப்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிட வேண்டாம். ஓர் ஆண்டுக்கும் குறைவான பாலிசிகளுக்கு இந்த வசதி கிடையாது. மருத்துவக் காப்பீட்டில் முதல்முறை எடுக்கும்போதுதான் உண்டு, புதுப்பிக்கும்போது இல்லை. வண்டி இன்சூரன்சுக்கு இந்தப் பேச்சே இல்லை.

மாமா கேட்ட முதல் கேள்வி நல்ல கேள்வி. “அந்தப் பொண்ணு போன்ல கேட்டப்ப நான் எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிட்டேனே மாப்ளே, அது ரெக்கார்டு ஆயிருக்குமே?”

ஆகியிருக்கும். பாலிசி தருவதற்கு முன்னால் நிறுவனத்திலிருந்து பேசுவார்கள்: பத்து வருடம் கட்ட வேண்டும் என்று தெரியுமா, இது வங்கி வைப்பு இல்லை என்று தெரியுமா என்று கேட்பார்கள். பக்கத்தில் விற்றவர் நின்றுகொண்டு, “ஆமான்னு சொல்லிருங்க ஐயா, ஃபார்மாலிட்டிதான்” என்பார். அந்த ஒலிப்பதிவு பின்னாளில் நமக்கு எதிராக வரக்கூடிய முக்கியமான சான்று. ஆனால் 30 நாளுக்குள் அதற்கு வேலையே இல்லை. அந்தக் காலத்துக்குள் ரத்து கேட்பவர், யாரோ தன்னை ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. படித்துப் பார்த்தேன், இந்த நிபந்தனை எனக்கு ஒத்துவராது என்றால் போதும். பாலிசியில் எந்த இழப்பீடும் கேட்டிருக்கக் கூடாது, அவ்வளவே. முப்பத்தோராம் நாளிலிருந்து கதை தலைகீழ். அப்போது, பொய் சொல்லி விற்றார்கள் என்று காட்ட வேண்டிய சுமை முழுக்க மாமா தலையில் விழும். சாட்சிக்கு அவரிடம் என்ன இருக்கிறது? விற்றவர் பேசியது வாய்ப்பேச்சு. மாமா கையெழுத்துப் போட்டது பத்துப் பக்கத் தாள்.

அதனால் மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, பாண்டு வந்த தேதி என்ன என்பதுதான்.

பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கு இல்லை. பாலிசியில் அச்சிட்டிருக்கும் தொடக்கத் தேதியிலிருந்தும் இல்லை. பாலிசி ஆவணம் நம்மிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் 30 நாள். மாமாவுக்கு மூன்றாம் தேதி பணம் போனது, ஏழாம் தேதி காப்பீடு தொடங்கியது, பத்தொன்பதாம் தேதி தபால்காரர் உறையைக் கொடுத்தார். அப்படியென்றால் டிசம்பர் 19 வரை நேரம் இருக்கிறது என்று அவர் மகன் கணக்குப் போட்டிருந்தான்.

அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. இப்போது பாலிசியை மின்னணு வடிவில் தருவதே வழக்கம், தாளில் வேண்டுமென்று கேட்டால் தாளிலும் தருவார்கள். காகிதத்தில் வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும், கிடைத்தது கிடைத்ததுதான் என்கிறது விதி. மகனை மின்னஞ்சலில் தேடச் சொன்னோம். விண்ணப்பத்தில் மகனின் முகவரியைத்தான் எழுதியிருந்தார்கள். விளம்பர மடல்களுக்கு நடுவே, நவம்பர் 10 அன்றே பாலிசி வந்து கிடந்தது. நிறுவனம் அந்தத் தேதியைத்தான் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் டிசம்பர் 10-உடன் முடிகிறது. கையிலிருந்து ஒன்பது நாள் போய்விட்டது.

இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு. வாடிக்கையாளரிடம் மின்னஞ்சல் இல்லை என்றதும் விற்பவர் தன்னுடையதையோ, வாயில் வந்த ஒன்றையோ எழுதிவிடுவார். இவர் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், கெடு அங்கே யாரோ ஒருவர் பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பணம் கட்டி ஒரு வாரத்தில் பாலிசி எண் குறித்துக் குறுஞ்செய்தி ஏதும் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் நிறுவனத்துக்கு போன் போட்டு, எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். நான் வைத்துக்கொள்ளும் முறை இது: வேலையை முடிப்பதற்கு இருப்பதிலேயே முந்திய தேதியைப் பிடியுங்கள். தகராறு என்று வந்தால் உண்மையில் கைக்கு வந்த தேதியை வைத்து வாதாடுங்கள். தபால் உறையைக் கிழித்து எறியாதீர்கள். அதிலிருக்கும் ஸ்பீடு போஸ்ட் எண்ணை வைத்து வந்து சேர்ந்த நாளைக் காட்ட முடியும்.

“சரி, வங்கிக்குப் போயி அந்தத் தம்பிகிட்டச் சொல்லிருவோமா?” என்றார்.

சொல்லலாம், ஆனால் சொல்வதோடு விட்டால் போச்சு. வங்கி இங்கே முகவர்தான், ஒப்பந்தம் மாமாவுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையில். பாலிசி ரத்தானால் விற்றவருக்குக் கிடைத்த கமிஷன் திரும்பிப் போகும், மாத இலக்கிலும் ஒன்று குறையும். அதனால் அந்தத் தம்பி முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். “மேனேஜர் லீவு, திங்கக்கிழமை வாங்க”, “மதுரை ஆபீசுல கேட்டிருக்கேன்”, “ஒரு வருசம் ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். இதில் எதுவும் பெரிய பொய்யாகத் தெரியாது, நாள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்த ஒரு வருட யோசனை வெறும் காலதாமதம்கூட இல்லை, நேரடி நட்டம். முதல் வருடம் முடிந்து சரண்டர் செய்தால், கட்டியதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். அந்தப் பேச்சும் பலிக்கவில்லை என்றால், இதே நிறுவனத்தில் வேறு திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம் என்பார்கள். பணம் முதலில் கணக்குக்கு வரட்டும், வேறு திட்டத்தைப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

கடிதம் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். பக்கத்து ஊரில் கிளை இருந்தால் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்க வேண்டும். சீல் தர இழுத்தடித்தால் அங்கே வாதாட வேண்டாம், அன்றைக்கே கம்பம் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் போட்டுவிடலாம். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று கவுண்டரில் கேளுங்கள். கூடவே, பாலிசியில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அதே கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மின்னஞ்சலில் நாளும் நேரமும் தானே பதிவாகிவிடும். தபால் போய்ச் சேர ஓரிரு நாள் ஆகும் என்பதால் கடைசி நாள் வரை காத்திருப்பது கூடாது.

மாமாவுக்கு எழுதிக் கொடுத்த கடிதம் ஏறக்குறைய இப்படி: “மேற்கண்ட எண்ணுள்ள பாலிசி எனக்கு நவம்பர் 10 அன்று மின்னஞ்சலிலும், நவம்பர் 19 அன்று தபாலிலும் கிடைத்தது. ஆண்டுதோறும் 1,00,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒருமுறை செலுத்தும் வைப்புத் தொகை என்று எண்ணியே பணம் கட்டினேன். இந்தப் பாலிசியில் நான் எந்த இழப்பீடும் கோரவில்லை. ஆகவே ஃப்ரீ லுக் காலத்துக்குள் இதை ரத்து செய்து, நான் செலுத்திய பிரீமியத்தை இத்துடன் இணைத்துள்ள வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் காரணம் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நிரூபிக்க வேண்டாம் என்றாலும் காரணத்தைச் சொல்லச் சொல்கிறது விதி. வெறுமனே “வேண்டாம்” என்பதைவிட, எந்த நிபந்தனை பிடிக்கவில்லை என்று ஒரு வரி இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, கிளையில் நீட்டும் படிவத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அது ஃப்ரீ லுக் ரத்துப் படிவமாக இருக்க வேண்டும். சரண்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு அதை அவிழ்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இணைப்பில் தாள் பாண்டு வந்திருந்தால் அசலை வைக்க வேண்டும், அதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீது, அடையாள அட்டை நகல், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம். நம் பக்கத்தில் பணம் தாமதமாவது பெரும்பாலும் இந்தக் கடைசித் தாளால்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை இனிஷியல், பாலிசியில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். கணினி இவற்றை வேறு வேறு ஆள் என்று நினைத்துப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மாமாவுக்கும் அதே சிக்கல்தான். எந்தக் கணக்கிலிருந்து பிரீமியம் போனதோ அதே கணக்கையே கொடுத்தோம், பெயர் வேறுபாட்டைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டோம்.

“லட்சமும் அப்படியே வந்துருமா?”

அப்படியே வராது, ஆனால் கிட்டத்தட்ட வரும். நிறுவனம் மூன்று இனங்களை மட்டுமே பிடித்துக்கொள்ளலாம்: காப்பீடு இருந்த நாட்களுக்கான ஆபத்துப் பிரீமியம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, முத்திரைத் தீர்வை. மாமாவின் பாலிசியில் காப்பீட்டுத் தொகை 10 லட்சம். முத்திரைத் தீர்வை ஆயிரத்துக்கு 20 பைசா, ஆக 200 ரூபாய். உயிருக்கான காப்பீட்டுக்கு மட்டும் அவர் வயதில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 7-இல் தொடங்கியதை 27-இல் ரத்து கேட்டால் 20 நாள். 3,000-ஐ 365-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் சுமார் 164 ரூபாய். பரிசோதனை எதுவும் செய்யவில்லை. மொத்தம் 364 ரூபாய் போக 99,636 ரூபாய் வர வேண்டும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் அந்தக் கணக்கும் இங்கே குறுக்கே வராது. ஏஜெண்டு கமிஷன், அலுவலகச் செலவு என்று எதையாவது கழித்திருந்தால் அது தப்பு. தொகை குறைந்து வந்தால் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பங்குச் சந்தையோடு சேர்ந்த யூலிப் பாலிசியாக இருந்தால் கணக்கு வேறு. கட்டிய லட்சத்தில் 5,000 கட்டணமாகப் போய், மீதி 95,000-க்கு ஒரு யூனிட் 20 ரூபாய் வீதம் 4,750 யூனிட் வாங்கினார்கள் என்று கொள்வோம். ரத்தாகும் நாளில் யூனிட் விலை 19 ஆக இறங்கியிருந்தால் அவற்றின் மதிப்பு 90,250. கட்டணமாக எடுத்த 5,000 திரும்ப வரும், ஆக 95,250. அதிலிருந்துதான் முன்பு சொன்ன மூன்றும் கழியும். சந்தை ஏறியிருந்தால் கட்டியதைவிடக் கூடவும் வரலாம். சந்தை இறங்கினால் அந்த நட்டம் நம்முடையதுதான், நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

கோரிக்கை கிடைத்த 7 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது இப்போதைய விதி. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். இடையில் நிறுவனத்திலிருந்து மறுபடி போன் வரும். “ஏன் ஐயா ரத்து செய்றீங்க, நல்ல பிளான் ஆச்சே” என்பார்கள். சிரித்துக்கொண்டே, கடிதத்தில் எழுதியதுதான் என்று சொல்லிவிடலாம். தொலைபேசியில் “சரி, இருக்கட்டும்” என்று மரியாதைக்குச் சொல்வதுதான் ஆபத்து. நம் ஊர்க்காரர்களுக்கு முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம், விற்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஏழு நாள் தாண்டியும் அசைவு இல்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் பெயரும் முகவரியும் பாலிசியிலேயே இருக்கும், பதில் தர 14 நாள். அதிலும் தீரவில்லை என்றால் ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அடுத்த படி காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்திருக்க வேண்டும், அல்லது நாம் முறையிட்டு ஒரு மாதமாகியும் பதில் வராதிருக்க வேண்டும். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. விசாரணையைக் காணொளியில் நடத்தவும் வழி இருப்பதால் சென்னைக்கு பஸ் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

முப்பது நாள் கடந்த பிறகு இதே ஆம்பட்ஸ்மேனிடம் தவறாகச் சொல்லி விற்றார்கள் என்றும் முறையிடலாம். கையெழுத்து நம்முடையது இல்லை, விண்ணப்பத்தில் ஆண்டு வருமானத்தை இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள், எஃப்.டி. என்று எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இருக்கிறது என்பதுபோல் கையில் ஏதாவது இருந்தால் அது நிற்கும். வெறும் “அவர் அப்படிச் சொன்னார்” என்றால், பாண்டு கைக்கு வந்தும் அந்தக் காலத்துக்குள் ஏன் திருப்பித் தரவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும். நுகர்வோர் ஆணையங்களிலும் இந்தக் கேள்வியிலேயே பல வழக்குகள் விழுந்திருக்கின்றன.

மாமா எழுந்திருக்கும்போது வாடிக்கையாளர் தகவல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பாலிசியோடு வரும் அந்தச் சிறு தாளில் எத்தனை வருடம் கட்ட வேண்டும், ஃப்ரீ லுக் எத்தனை நாள் எல்லாம் சுருக்கமாக இருக்கும். தமிழில் கேட்டால் தமிழிலும் தர வேண்டும். அவருக்கு ஆங்கிலத்தில் வந்திருந்தது, எவரும் கேட்கச் சொல்லவில்லை.

“இதோட முடிஞ்சுச்சா மாப்ளே?”

இன்னும் ஒன்று மிச்சம். விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, அடுத்த வருடத்திலிருந்து கணக்கிலிருந்து தானாகப் பிரீமியம் எடுத்துக்கொள்ள வங்கிக்கு அனுமதி கொடுத்த தாள். பாலிசி ரத்தானாலும் வங்கிப் பதிவில் அந்த அனுமதி கிடக்கலாம். பணம் திரும்பி வந்த பிறகு, அதை நீக்கச் சொல்லி வங்கிக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, அதற்கும் ஒரு சீல் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.